சேல்ஸ் கமிஷன் ஷீட்: விற்பனையாளரே போட்டுப் பார்க்கிற மாதிரி

கேள்வி: "அண்ணா நகரில் வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கிறேன். சேல்ஸில் ஆறு பேர். மாத விற்பனை 3 லட்சம் வரை 0.5 சதவீதம், 3 முதல் 6 லட்சம் வரை 1 சதவீதம், அதற்கு மேல் 1.5 சதவீதம் கமிஷன். கடை மொத்தம் 30 லட்சம் தாண்டினால் எல்லோருக்கும் 0.25 சதவீதம் கூடுதல். கணக்கர் தரும் தொகையை யாரும் நம்புவதில்லை, மாதாமாதம் சண்டை. அவர்களே சரிபார்த்துக்கொள்கிற மாதிரி ஒரு ஷீட் எப்படிப் போடுவது?"

ஷீட்டைத் திறக்கும் முன் கணக்கரையும் ஒரு விற்பனையாளரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, ஆறரை லட்சம் விற்றால் எவ்வளவு கமிஷன் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு பேரும் இரண்டு தொகை சொல்வார்கள் என்பது என் ஊகம். சென்னையில் சில்லறைக் கடைகளுக்குக் கணக்கு பார்க்கிறவன் நான். இந்த மாதிரிச் சண்டையில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

விற்பனையாளர் போனில் கால்குலேட்டரை எடுத்து 6,50,000-ஐ 1.5 சதவீதத்தால் பெருக்கி 9,750 என்பார். கணக்கர் ஒவ்வொரு ஸ்லாபையும் தனியாகப் போடுவார்: முதல் 3 லட்சத்துக்கு 1,500, அடுத்த 3 லட்சத்துக்கு 3,000, மிச்சம் 50,000-க்கு 750, ஆக 5,250. இரண்டுமே கணக்காகச் சரி. நீங்கள் எழுதியிருக்கும் விதி இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். கையில் 5,250 வாங்குகிற ஆள், தன்னிடமிருந்து 4,500 ரூபாயை யாரோ எடுத்துக்கொண்டதாகத்தான் நினைப்பார். எவ்வளவு நல்ல ஷீட் போட்டாலும் இந்த ஒரு வரியைத் தெளிவாக்காமல் சண்டை ஓயாது.

இரண்டில் எது நல்லது? முழுத் தொகைக்கும் மேல் சதவீதம் கொடுக்கிற முறை கேட்பதற்கு எளிது, ஆனால் எல்லையில் பெரிய பள்ளம் விழும். 5,99,000 விற்றவருக்கு 5,990 ரூபாய். 6,01,000 விற்றவருக்கு 9,015 ரூபாய். இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு மிக்சி கூடுதலாக விற்றதற்கு 3,025 ரூபாய் கமிஷன். மாதக் கடைசியில் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பக்கத்து ஆளின் பில்லைத் தன் பெயரில் போடச் சொல்வார்கள். எட்ட முடியாது என்று தெரிந்தவர் 30-ம் தேதி வந்த வாடிக்கையாளரை 'ஒண்ணாம் தேதி வாங்க சார்' என்று அனுப்பி வைப்பார். ஸ்லாப் வாரியாகப் போட்டால் அதே 2,000 ரூபாய் விற்பனைக்குக் கமிஷன் 4,490-லிருந்து 4,515 ஆகும். தில்லுமுல்லு செய்யக் காரணமே இருக்காது. அதனால் நான் ஸ்லாப் வாரி முறையைத்தான் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை. இதுவரை முழுத் தொகை முறையில் கொடுத்துவந்தீர்கள் என்றால், ஷீட் மாற்றுகிற சாக்கில் ஸ்லாப் வாரிக்குப் போவது சம்பளக் குறைப்புதான், ஆட்களும் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். சதவீதத்தையும் கூட்டியாக வேண்டும். உதாரணமாக 0.5, 1.5, 3 என்று வைத்தால் ஆறரை லட்சத்துக்கு 7,500 வருகிறது. பழைய 9,750-க்கு அது இன்னும் குறைவு, ஆனால் 5,250 இல்லை. எந்தச் சதவீதம் உங்கள் கடைக்குப் பொருந்தும் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. போன பன்னிரண்டு மாத விற்பனையை ஆள்வாரியாக எடுத்து இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்து, வருடத்தின் மொத்தக் கமிஷன் ஏறக்குறைய ஒன்றாக வருகிற இடத்தில் நிறுத்துங்கள். பன்னிரண்டு மாதமும் வேண்டும். ஏப்ரல், மே ஏசி சீசனை மட்டும் பார்த்தாலும் தப்பான எண் வரும், ஆடியை மட்டும் பார்த்தாலும் தப்பான எண்தான் வரும்.

அடுத்தது, எதை விற்பனை என்று எண்ணுவது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: தள்ளுபடி போக, ஜிஎஸ்டி இல்லாத தொகை. ஜிஎஸ்டியோடு சேர்த்துக் கணக்குப் போட்ட கடைகளுக்கு 2025 செப்டம்பரில் என்ன ஆனது பாருங்கள். ஏசிக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது. வரி இல்லாமல் 35,000 ரூபாய் மதிப்புள்ள ஒரு ஏசி, செப்டம்பர் 21 வரை 44,800-க்கு பில் ஆனது, 22-ம் தேதியிலிருந்து 41,300-க்கு ஆனது. அதே மிஷின், அதே உழைப்பு, ஆனால் விற்பனையாளரின் மாதக் கணக்கில் ஒவ்வொரு ஏசிக்கும் 3,500 ரூபாய் காணாமல் போனது. இருபது ஏசி விற்றவருக்கு 70,000 போச்சு. அரசாங்கத்துக்குக் கட்டுகிற பணத்தில் கமிஷன் கணக்கைக் கட்டி வைத்தால் இப்படித்தான் ஆகும். எக்ஸ்சேஞ்சில் வருகிற பழைய ஃபிரிட்ஜுக்குக் கழிக்கும் தொகையை விற்பனையிலிருந்தும் கழிப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. எப்படி முடிவு செய்தாலும் அதை எழுதி வையுங்கள்.

இனி ஷீட். கூகுள் ஷீட்டில் மூன்று தாள் போதும்: `Rules`, `Bills`, `Calc`. `Rules` தாளில் மூன்று ஸ்லாபும் 2, 3, 4 என்று மூன்று வரி. A-யில் எங்கிருந்து, அதாவது 0, 300000, 600000; B-யில் எதுவரை, C-யில் சதவீதம். கடைசி ஸ்லாபுக்கு 'எதுவரை' என்ற இடத்தில் 999999999 போட்டுவிடுங்கள். அதே தாளில் `B7`-ல் மாதத்தின் முதல் தேதி. `Bills` தாளில் பில்லுக்கு ஒரு வரி: A தேதி, B பில் எண், C ஆள் கோடு, D வரியில்லாத தொகை. ஆளின் பெயரைத் தட்டச்சு செய்ய விடாதீர்கள். பில் போடும் சாஃப்ட்வேரில் இருக்கும் S01, S02 என்ற கோடையே டிராப் டவுனாக வையுங்கள். பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி கூடுதலாக விழுந்தாலே அந்த பில் அவர் கணக்கில் சேராது, கண்ணுக்கும் தெரியாது.

`Calc` தாளில் ஆளுக்கு ஒரு வரி. A-யில் கோடு, B-யில் மாத விற்பனை:

```
=SUMIFS(Bills!$D:$D, Bills!$C:$C, $A2,
 Bills!$A:$A, ">="&Rules!$B$7,
 Bills!$A:$A, "<"&EDATE(Rules!$B$7,1))
```

கடைசி வரியைக் கவனியுங்கள். பலர் அங்கே `<=` போட்டு மாதத்தின் கடைசித் தேதியைக் கொடுப்பார்கள். சாஃப்ட்வேரிலிருந்து இறக்கும்போது தேதியோடு மணியும் சேர்ந்து வந்தால், 31-ம் தேதி மாலை 6.40-க்குப் போட்ட பில் 31-ஐ விடப் பெரிய எண் ஆகிவிடும். கடைசி நாள் பில் முழுக்க விட்டுப்போகும். அதுவும் எந்த நாள்? டார்கெட்டுக்காக எல்லோரும் ஓடுகிற நாள். 'அடுத்த மாதம் ஒன்றாம் தேதிக்கு முன்' என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் C, D, E மூன்று பத்தியும் மூன்று ஸ்லாபுக்கு. இங்கே கமிஷனைப் போடாதீர்கள். விற்பனையில் எவ்வளவு எந்த ஸ்லாபில் விழுந்தது என்பதை மட்டும் காட்டுங்கள்:

```
=MAX(0, MIN($B2, Rules!$B$2) - Rules!$A$2)
```

இது C2-வுக்கு. D2-வில் `Rules!$B$3`, `Rules!$A$3`. E2-வில் நான்காம் வரி. F-ல் கமிஷன்:

```
=C2*Rules!$C$2 + D2*Rules!$C$3 + E2*Rules!$C$4
```

இதையெல்லாம் `SUMPRODUCT` போட்டு ஒரே செல்லில் முடிக்கலாம், கணக்கருக்கு அதுதான் பிடிக்கும். வேண்டாம். உங்கள் நோக்கம் விற்பனையாளர் தானே பார்த்துக்கொள்வது. S03-க்கு 6,50,000 விற்பனை என்றால் அவர் வரியில் 3,00,000, 3,00,000, 50,000 என்று மூன்று எண் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மூன்றையும் கூட்டினால் தன் விற்பனை வருகிறதா என்று பார்ப்பார். ஒவ்வொன்றையும் அதன் சதவீதத்தால் பெருக்கிக் கூட்டுவார், 5,250 வரும். போன் கால்குலேட்டரில் ஒரு நிமிஷ வேலை. எந்த ஃபார்முலாவும் படிக்கத் தெரிய வேண்டாம்.

டீம் டார்கெட்டிலும் முதலில் ஒரு கேள்வி: 0.25 சதவீதம் எதன் மேல்? அவரவர் சொந்த விற்பனை மேல் என்று எடுத்துக்கொள்கிறேன். கடை மொத்தம் 31,20,000 என்றால் S03-க்கு 6,50,000-ல் 0.25 சதவீதம், 1,625 ரூபாய். ஆக மொத்தம் 6,875. கடைக்கு இதனால் ஆகும் கூடுதல் செலவு 7,800. ஆனால் இங்கேயும் அதே பள்ளம் இருக்கிறது, இந்த முறை ஆறு பேருக்கும் சேர்த்து. 29,99,000-ல் நின்றால் யாருக்கும் ஒரு பைசா இல்லை. நானாக இருந்தால் இரண்டு படி வைப்பேன்: 27 லட்சம் தொட்டால் 0.10, 30 லட்சம் தொட்டால் 0.25. 27-க்கும் 30-க்கும் நடுவே சதவீதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிற ஃபார்முலாவும் எழுதலாம், கணக்காக அதுதான் நியாயம். ஆனால் 28,43,000-க்கு என்ன சதவீதம் என்று விற்பனையாளரால் மனசில் போட முடியாது. இரண்டு படி என்றால் முடியும். கடை மொத்தத்தை `Rules` தாளில் `B10`-ல் வைத்துக்கொண்டால் G பத்தி இவ்வளவுதான்:

```
=$B2*IF(Rules!$B$10>=3000000, 0.25%,
 IF(Rules!$B$10>=2700000, 0.1%, 0))
```

படிகளின் எண்களையும் `Rules` தாளில் செல்களாக வைத்து அங்கிருந்து எடுப்பது இன்னும் நல்லது. படிக்க வசதியாக இருக்கட்டும் என்று இங்கே நேராக எழுதியிருக்கிறேன்.

இப்போது திரும்பி வரும் பொருள். இதைச் சரியாகக் கட்டவில்லை என்றால் மற்றதெல்லாம் வீண். பெரும்பாலான கடைகளில் ரிட்டர்ன் எந்த மாதம் வருகிறதோ அந்த மாதத்தில் மைனஸ் வரியாகப் போடுகிறார்கள். கேட்க நியாயம்தான். ஆனால் ஜூலை 31 அன்று கடை 29,40,000-ல் நிற்கிறது, S03 ஏற்கெனவே 6,50,000 விற்றிருக்கிறார் என்று வையுங்கள். தெரிந்தவர் பெயரில் 1,00,000 ரூபாய்க்கு ஒரு பில். கடை 30,40,000 ஆனது, ஆறு பேருக்கும் 0.25 சதவீதம், மொத்தம் 7,600 ரூபாய். S03-க்குச் சொந்தக் கமிஷனிலும் 1,500 கூடுதல். ஆகஸ்ட் 3-ம் தேதி 'கஸ்டமர் வேண்டாமென்கிறார்' என்று பில் கேன்சல். ஆகஸ்ட்டில் அவருடைய விற்பனை 1 சதவீத ஸ்லாபிலேயே நின்றால் கழிவது 1,000 மட்டும். ஐநூறு ரூபாய் அவரிடமே தங்கிவிட்டது, டீம் பணத்தை யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை. இது கெட்ட எண்ணத்தோடுதான் நடக்க வேண்டும் என்றில்லை. இஎம்ஐ அப்ரூவல் வருமுன் பில் போட்டு, பிறகு ஃபைனான்ஸ் கம்பெனி மறுத்தாலும் இதே கதைதான்.

இதற்கு மருந்து, கமிஷனை 1-ம் தேதி முடிக்காமல் 10-ம் தேதி முடிப்பது. அதுவரை வருகிற ரிட்டர்னும் கேன்சலும் மூல பில்லின் தேதியிலேயே மைனஸ் வரியாக ஏறும், அதாவது ஜூலை பில் ஜூலையிலேயே கழியும். 10-க்குப் பிறகு வருவது வந்த மாதத்தில் கழியும், முடிந்த மாதத்தைத் திரும்பத் திறக்கக் கூடாது. பத்து நாள் என்பது என் பழக்கம். உங்கள் ரிட்டர்ன் எவ்வளவு நாளுக்குள் வருகிறது என்று பழைய கிரெடிட் நோட்டுகளைப் பார்த்து நீட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். இந்த வழி எல்லாத் தில்லுமுல்லையும் அடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். 11-ம் தேதி கேன்சல் செய்கிறவரை ஷீட் பிடிக்காது, நீங்கள்தான் பிடிக்க வேண்டும்.

இனி, ஆட்கள் உண்மையில் எதைச் சரிபார்ப்பார்கள்? பெருக்கலை முதல் மாதம் மட்டும் பார்ப்பார்கள். அப்புறம் அவர்கள் கேட்கப் போவது ஒன்றுதான்: 'என் அந்த வாஷிங் மிஷின் பில் இதில் இருக்கா?' அதனால் ஆளுக்கு ஒரு தாள் போட்டு அவருடைய பில்களை மட்டும் வரிசையாகக் காட்டுங்கள். S03-க்கு:

```
=FILTER(Bills!A2:D2000, Bills!C2:C2000="S03",
 Bills!A2:A2000>=Rules!$B$7,
 Bills!A2:A2000<EDATE(Rules!$B$7,1))
```

பில் போட்டதும் எண்ணைத் தன் சின்ன நோட்டில் குறித்துக்கொள்ளும் பழக்கம் சேல்ஸில் இருப்பவர்கள் பலருக்கு உண்டு. அந்த நோட்டையும் இந்தத் தாளையும் பக்கத்தில் வைத்து டிக் போட்டுக்கொண்டே வந்தால் வேலை முடிந்தது. விட்டுப்போன பில் எண்ணைச் சொல்ல அவருக்கு 5-ம் தேதியிலிருந்து 10-ம் தேதி வரை நேரம் கொடுங்கள். இரண்டு பேர் சேர்ந்து முடித்த விற்பனை என்றால் அதே பில் எண்ணை இரண்டு வரியாக, பாதிப் பாதித் தொகையாகப் போடுங்கள். 'பாதி உனக்கு' என்ற வாய்ப்பேச்சு ஷீட்டில் ஏறாமல் போவதால்தான் மனஸ்தாபம் வருகிறது.

உங்கள் பக்கத்துக்கு ஒரு சோதனை செல் கட்டாயம் வேண்டும். `Calc` தாளின் B பத்தியில் ஆறு பேரின் கூட்டல் ஒரு பக்கம், ஆள் கோடு பார்க்காமல் அந்த மாதத்தின் எல்லா பில்லின் கூட்டல் மறு பக்கம். வித்தியாசம் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லை என்றால் ஏதோ ஒரு பில் கோடு இல்லாமலோ தப்பான கோடிலோ கிடக்கிறது. `B10`-ல் இந்தக் கோடு பார்க்காத மொத்தத்தையே வையுங்கள், அப்போதுதான் கோடு தவறியதற்காக டீம் டார்கெட் தவறாது. இன்னொரு சோதனை: `=COUNTA(Bills!D2:D2000)-COUNT(Bills!D2:D2000)`. பூஜ்யத்துக்கு மேல் வந்தால் அத்தனை தொகைகள் எண்ணாக இல்லாமல் எழுத்தாக ஒட்டப்பட்டிருக்கின்றன, அவை எந்தக் கூட்டலிலும் சேராது. இதையே A பத்திக்கும் போடுங்கள். ஷீட்டின் அமைப்பில் நாடு அமெரிக்கா என்று இருந்தால் 13/07/2025 தேதியாகவே ஏறாது. 05/07/2025 அதைவிட மோசம், மே 7 என்று ஏறிவிடும், எந்தச் சோதனையும் சத்தம் போடாது. `File > Settings` போய் `Locale`-ஐ இந்தியாவாக மாற்றிய பிறகுதான் முதல் பில்லை ஒட்ட வேண்டும். மாத மொத்தத்தை ஜிஎஸ்டிஆர்-1-க்காகக் கணக்கர் எடுக்கும் வரியில்லாத விற்பனையோடும் ஒப்பிடுங்கள். அது இந்த ஷீட்டை நம்பாமல் வெளியிலிருந்து வருகிற எண்.

ஆட்களுக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். ஆனால் மறைத்து வைத்த தாள் மறைந்தே இருக்கும் என்று நம்பாதீர்கள். பார்க்க மட்டும் அனுமதி உள்ளவரும் ஒரு காப்பி எடுத்து அதில் மறைத்ததைத் திறந்துவிடலாம். `Protect` போட்டாலும் அது மாற்றுவதைத்தான் தடுக்கும், படிப்பதைத் தடுக்காது. ஒருவர் கமிஷன் மற்றவருக்குத் தெரியக் கூடாது என்றால் ஆளுக்கு ஒரு தனி ஃபைல்தான் வழி. ஆறு பேர் கடையில் நான் அதற்கு மெனக்கெட மாட்டேன். ஒரே ஃப்ளோரில் நிற்கிறவர்களுக்கு யார் எவ்வளவு விற்றார் என்று ஏற்கெனவே தெரியும், சதவீதமும் எல்லோருக்கும் ஒன்று. மொத்தமும் திறந்திருந்தால்தான் டீம் டார்கெட்டின் 31,20,000 எங்கிருந்து வந்தது என்று அவர்களால் பார்க்க முடியும்.

மாதத்துக்கு ஒரு ஃபைல் என்று காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஃபைலில் வருடம் முழுக்க ஓட்டினால், தீபாவளிக்குச் சதவீதம் மாற்றும்போது `Rules` தாள் மாறி ஜூலைக் கணக்கும் சேர்ந்து மாறிவிடும். ஏற்கெனவே கொடுத்த தொகையும் ஷீட்டில் தெரிகிற தொகையும் ஒத்துப்போகாது.

கமிஷனை சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்டுங்கள். உங்களிடம் சம்பளத்துக்கு இருப்பவருக்கு அது வருமான வரிக் கணக்கில் சம்பளம்தான், கவரில் போட்டுக் கொடுத்தாலும் அப்படித்தான். பிஎஃப் பிடிப்பதில் கமிஷன் எப்படி வரும் என்பது உங்கள் சம்பள அமைப்பைப் பொறுத்தது, அதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

முதல் மாதம் புது ஷீட்டின்படி பணம் கொடுக்காதீர்கள். பழையபடியே கொடுத்துவிட்டு, பக்கத்தில் இதையும் ஓட்டி எல்லோரிடமும் காட்டுங்கள். விதியில் எதைச் சேர்க்க மறந்தீர்கள் என்று அந்த ஆறு பேரே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.